சூரத் ஹோல்சேல் வீடியோ பார்த்து முதல் பண்டல் எடுக்கப் போகிறீர்களா? 72 ரூபாய் துணி எனக்கு 91 ரூபாய் ஆன கணக்கு

பொட்டிக் ஆரம்பித்த முதல் வருடம், ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஹோல்சேல் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அலமாரி நிறையத் துணி, மேஜை மேல் துணிக் கட்டைத் தூக்கி வீசி விரிக்கும் ஒரு பையன், "மேடம், குவாலிட்டி பாருங்க, ஃபேப்ரிக் ஃபீல் பாருங்க" என்ற பேச்சு. ஃபோனில் எங்கே ஃபீல் பார்ப்பது? ஆனாலும் ஒரு வீடியோவில் மயங்கி, பிரிண்டட் ரேயான் 200 மீட்டர் ஆர்டர் போட்டேன். திரையில் மீட்டர் 72 ரூபாய். வெட்டுமேஜைக்கு வந்து சேர்ந்தபோது 91 ரூபாய்.

என்னை யாரும் ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. வீடியோவில் சொன்னது எதுவுமே முழுப்பொய் இல்லை. கேட்க வேண்டியதை நான்தான் கேட்கவில்லை. நீங்கள் அந்தச் செலவு இல்லாமல் கற்றுக்கொள்ளட்டும் என்று, நான் இப்போது செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். இது தைத்து விற்கும் கடைகளுக்காக, கட்டாகத் துணி எடுப்பவர்களுக்காக எழுதியது. ரெடிமேட் குர்தி செட் எடுப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள்

முதல் தடவை பேச்சு நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டாவது தடவை கையையும் துணியையும் மட்டும் பாருங்கள். துணியை விளக்குக்கு எதிரே ஒற்றை மடிப்பாகப் பிடித்துக் காட்டுகிறார்களா, இல்லை எப்போதும் நான்கைந்து மடிப்பாகவே தட்டிக் காட்டுகிறார்களா? நான்கு மடிப்பில் எந்தத் துணியும் கெட்டியாகத்தான் தெரியும். கரையோடு கரை டேப் வைத்து அகலம் காட்டுகிறார்களா? விரல் தெரிகிற அளவு மெல்லிய துணியை அடர் நிறத்தில் மட்டும் காட்டி, வெளிர் நிறத்தை அலமாரியிலேயே விட்டுவிடுவதும் உண்டு.

வீடியோ எந்தத் தேதியில் ஏற்றியது என்றும் பாருங்கள். பிரிண்டட் துணி லாட் லாட்டாக வரும். இரண்டு மாதம் பழைய வீடியோவில் இருக்கும் டிசைன் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். நீங்கள் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிக் கேட்டால் "அதே மாதிரி இருக்கு அக்கா" என்று வேறு ஒன்றை அனுப்புவார்கள். அந்த "அதே மாதிரி"யில் துணியே வேறாக இருக்கலாம்.

2. பேசுவதற்கு முன் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள்

வாட்ஸ்அப்பில் முதல் கேள்வி விலை இல்லை, ஜிஎஸ்டி எண். உண்மையான மொத்த வியாபாரி இதற்குத் தயங்கமாட்டார். 15 எழுத்து கொண்ட எண் அது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: குஜராத்துக்கு 24, ராஜஸ்தானுக்கு 08, நம் தமிழ்நாட்டுக்கு 33. "சூரத் ஃபேக்டரியிலிருந்து நேரடியாக" என்று சொல்கிறவர் 33-இல் தொடங்கும் எண் கொடுத்தால், அவர் நம் ஊர்ப் பக்கம் வாங்கி விற்கும் இடைத்தரகராக இருக்க வாய்ப்பு அதிகம். அது குற்றமில்லை, ஆனால் விலையில் அவர் பங்கும் இருக்கிறது என்று தெரிந்து பேசலாம்.

www.gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், முகவரி, பதிவான தேதி எல்லாம் வரும். நிலை Active என்று இருக்க வேண்டும். Taxpayer Type இடத்தில் Regular என்று இருக்கிறதா பாருங்கள். Composition என்று இருந்தால் அவர் வேறு மாநிலத்துக்கு விற்கவே சட்டத்தில் இடமில்லை, அப்புறம் உங்களுக்கு எந்த பில் தருவார்?

பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும்போது இதே பெயர்தான் வங்கிக் கணக்கில் வர வேண்டும்.

3. "மினிமம் ஆர்டர்" என்றால் என்ன என்று மூன்று விதமாகக் கேளுங்கள்

நான் பார்த்த வீடியோவில் "மினிமம் பத்தாயிரம் ரூபாய்தான் மேடம்" என்றார்கள். பத்தாயிரத்துக்கு எனக்குப் பிடித்த ஏழெட்டு டிசைனில் 15 மீட்டர், 20 மீட்டர் எடுக்கலாம் என்று கனவு கண்டேன். ஃபோன் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு டிசைனில் நான்கு கலர் மேட்சிங் வரும், நான்கையும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு கலரும் 25 மீட்டர் கட்டு, அதைப் பிரிக்கமாட்டார்கள். முதல் ஆர்டருக்குக் குறைந்தது இரண்டு டிசைன். ஆக 200 மீட்டர், 14,400 ரூபாய்.

அதனால் ரூபாயில் மினிமம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு கலரில் குறைந்தது எத்தனை மீட்டர், ஒரு டிசைனில் எத்தனை கலர் சேர்த்து எடுக்க வேண்டும் என்ற இரண்டையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ஸ் மெசேஜ் வந்தாலும் "அப்போ கலருக்கு 25 மீட்டர், நாலு கலர், சரிதானே?" என்று நீங்கள் டைப் செய்து "ஆமாம்" வாங்கிவிடுங்கள்.

மேட்சிங்கில் உள்ள பொறி, நான்கில் ஒரு கலர் கட்டாயம் ஓடாது. எங்கள் ஊரில் அந்தக் கலர் கடுகு மஞ்சள். இன்னும் அலமாரியில் இருக்கிறது. விலை பேசும்போதே நான்கு கலரில் மூன்றுதான் முழு விலைக்குப் போகும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பின்னால் வருத்தம் இல்லை.

4. சாம்பிள் இல்லாமல் ஆர்டர் போடாதீர்கள்: ஒரு மீட்டர், முழு அகலத்தில்

இந்தப் படியைத் தாண்டித்தான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாம்பிள் என்றால் கைக்குட்டை அளவு வெட்டி ஒரு அட்டையில் ஒட்டி அனுப்புவார்கள். அது கலர் பார்க்கத்தான் உதவும். ஒரு மீட்டர் துணி, கரையோடு கரை முழு அகலத்தில், காசு கொடுத்தே கேளுங்கள். கூரியரோடு சேர்த்து எனக்கு 200 ரூபாய்க்குள்தான் ஆகிறது. அடர்ந்த கலரில் கேளுங்கள், கறுப்போ மெரூனோ. சாயம் போனால் அதில்தான் முதலில் தெரியும்.

வந்ததும் முதல் வேலை, அகலம் அளப்பது. "44 இன்ச் பன்னா" என்பார்கள். கரையில் பிரிண்ட் படாத ஓரத்தைக் கழித்தால் எத்தனை மிஞ்சுகிறது என்று பாருங்கள், வெட்டுக்கு ஆவது அதுதான்.

அடுத்து சமையலறைத் தராசை எடுங்கள். ரேயானை "14 கிலோ, 16 கிலோ" என்று சொல்லி விற்பார்கள். எண் கூடினால் துணி கெட்டி, அவ்வளவு புரிந்தால் போதும். ஆனால் அந்தக் கிலோவை ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி சொல்வதால், ஜிஎஸ்எம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். ஒரு மீட்டர் நீளத் துணியின் எடையை, மீட்டரில் சொன்ன அகலத்தால் வகுத்தால் வந்துவிடும். 44 இன்ச் என்பது 1.12 மீட்டர். எனக்கு வந்த துணி ஒரு மீட்டர் 131 கிராம், 1.12-ஆல் வகுத்தால் 117. அவர்கள் சொன்னது 140. இந்தக் கணக்கை நான் 200 மீட்டர் வந்து இறங்கிய பிறகு போட்டேன். நீங்கள் சாம்பிளிலேயே போட்டுவிடுங்கள்.

எடை சரியாக இருந்தாலும் உடனே சந்தோஷப்படாதீர்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். கெட்டியாக, மொடமொடவென்று இருப்பது நூலாகவும் இருக்கலாம், கஞ்சியாகவும் இருக்கலாம். அதனால் துவைப்பதற்கு முன் துணியின் நடுவில் 50 சென்டிமீட்டர் சதுரம் பால்பாயின்ட் பேனாவால் குறித்து, மூலைகளில் நூல் தையல் போட்டுவிடுங்கள், மை போனாலும் அடையாளம் நிற்கும். அப்புறம் நம் வாடிக்கையாளர் எப்படித் துவைப்பாரோ அப்படியே துவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளங்கள். 50 என்பது 47 ஆகியிருந்தால் 6 சதவிகிதம் சுருக்கம். ரேயானில் நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும், அதனால் இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். காய்ந்த துணியை மறுபடி தராசில் வையுங்கள். எடை நன்றாக இறங்கியிருந்தால் நீங்கள் கஞ்சிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கப் போகிறீர்கள்.

துவைத்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மட்டும் சாயத்தை முடிவு செய்யாதீர்கள். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, சாம்பிள் மேல் ஒரே இடத்தில் பத்து தரம் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், குர்தி போட்டவரின் ஹேண்ட்பேக்கிலும் ஏறும்.

கடைசியாக, துணி எது என்ற சோதனை. காட்டன் என்று சொல்லி ரேயான் தருவதும், ரேயான் என்று சொல்லி பாலியெஸ்டர் கலந்து தருவதும் சகஜம். நெருப்பில் காட்டும் சோதனை எல்லோருக்கும் தெரியும்: பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணி போலக் கெட்டியாகும், காட்டன் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பலருக்குத் தெரியாதது, ரேயானும் காகிதம் போலத்தான் எரியும். காட்டனா ரேயானா என்பதை நெருப்பு சொல்லாது, தண்ணீர் சொல்லும். துணியிலிருந்து ஒரு நூலை உருவி, நடுவில் மட்டும் நாக்கால் நனைத்து இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். ரேயான் நனைந்தால் பலம் போய்விடும், நனைத்த இடத்திலேயே அறும். காட்டன் நனைந்தால் பலம் கூடும், அறுந்தால் காய்ந்த இடத்தில்தான் அறும். பாவு நூல் ஒன்று, ஊடு நூல் ஒன்று என்று இரண்டிலும் பாருங்கள். கலப்பு செய்கிறவர்கள் ஒரு பக்க நூலை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

(ஒரு சின்ன விஷயம். ஈரோட்டைச் சுற்றி விசைத்தறிகளில் ரேயான் துணி ஏராளமாக நெய்து, சாயம் ஏறாத கோராத் துணியாக வடக்கே அனுப்புகிறார்கள். அங்கே பிரிண்ட் ஆகித் திரும்ப வருகிறது. நான் சூரத்திலிருந்து லாரி வாடகை கொடுத்து வரவழைத்த துணி, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் நெய்ததாகவே இருந்திருக்கலாம். ஒரு டிசைனுக்காக வடக்கே எழுதும் முன் ஈரோடு, சேலம் பக்கம் ஒரு நடை போய் விலை கேட்டுவிடுவது நல்லது.)

5. முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதுங்கள், அப்புறம் பணம் அனுப்புங்கள்

வீடியோவில் சொல்லும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. துணிக்கு 5 சதவிகிதம். ரெடிமேட் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவிகிதம், அதற்கு மேல் 18. என் கணக்கு இப்படி வந்தது:

துணி 14,400. ஜிஎஸ்டி 720. பண்டல் கட்ட 200. லாரி வாடகை 1,150, இது நான் இங்கே கட்டியது. குடோனிலிருந்து கடைக்கு ஆட்டோ 150. மொத்தம் 16,620 ரூபாய்.

200 மீட்டரால் வகுத்தால் மீட்டர் 83 ரூபாய் சொச்சம். ஆனால் அளந்து பார்த்தபோது இருந்தது 194 மீட்டர் (எப்படி என்று 7-ஆம் படியில் வரும்). அதிலும் நனைத்துச் சுருக்கிய பிறகு வெட்டுக்கு நின்றது 182 மீட்டர். 16,620-ஐ 182-ஆல் வகுத்துப் பாருங்கள், 91 ரூபாய். குர்தி விலையை நான் 72-ஐ வைத்துப் போட்டிருந்தேன்.

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்து முறையாக வரி கட்டுகிறவர் என்றால் அந்த 720 உள்ளீட்டு வரியாகத் திரும்பி வரும். அதற்கு பில்லில் உங்கள் எண் சரியாக இருக்க வேண்டும், விற்றவரும் அதைத் தாக்கல் செய்து ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கொள்முதல் வரிப் பட்டியலான GSTR-2B-இல் வர வேண்டும். பதிவு இல்லாதவர்களுக்கும் காம்போசிஷனில் இருப்பவர்களுக்கும் அது செலவுதான். "பில் இல்லாமல் அனுப்பட்டுமா, 5 சதவிகிதம் மிச்சம்" என்பார்கள். வேண்டாம். வழியில் சரக்கு பிடிபட்டால் அபராதம், குறை வந்தால் கேட்க ஒரு தாளும் இருக்காது. சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநிலம் விட்டு மாநிலம் வர இ-வே பில்லும் கட்டாயம். அதை அனுப்புகிறவர் போடுவார், எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்ப, ப்ரொஃபார்மா பில் கேளுங்கள். அதில் டிசைன் எண், கலர், மீட்டர், பன்னா, ஜிஎஸ்எம், விலை எல்லாம் இருக்க வேண்டும். 2-ஆம் படியில் குறித்து வைத்த பெயரிலுள்ள நடப்புக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். "கம்பெனி அக்கவுண்டில் லிமிட் முடிஞ்சிருச்சு, இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க" என்று தனிநபர் பெயர் வந்தால், நாளைக்கு லிமிட் வந்ததும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நிஜமான கடை ஒரு நாள் காத்திருக்கும்.

6. "24 மணி நேரத்தில் டிஸ்பாட்ச்" என்றால் எந்தத் தேதி?

நான் திங்கட்கிழமை பணம் அனுப்பினேன். செவ்வாய் மதியமே "டிஸ்பாட்ச் டன் அக்கா" என்று பில் ஃபோட்டோ வந்தது. பண்டல் கையில் கிடைத்தது அடுத்தடுத்த வாரத் திங்கட்கிழமை, ஆக 14 நாள். சரக்கை ஏற்றும்போது லாரி ஆபீஸ் தரும் எல்.ஆர். ரசீதைப் பார்த்தால் தேதி சனிக்கிழமை. பில் போட்டதைத்தான் அவர்கள் டிஸ்பாட்ச் என்று சொல்லியிருக்கிறார்கள். சரக்கு நான்கு நாள் கடையிலேயே இருந்திருக்கிறது.

அதனால் டிஸ்பாட்ச் என்றால் எல்.ஆர். தேதி என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். "ரெடி ஸ்டாக்கா, பிரிண்டுக்குப் போகணுமா?" என்றும் கேளுங்கள். ரெடி ஸ்டாக் என்றால் இரண்டு மூன்று நாளில் லாரி ஆபீஸ் போய்விடும். இல்லை என்றால் கோராத் துணி சூரத்தில் பாண்டேசரா பக்கமுள்ள மில்லுக்குப் போய், வரிசையில் நின்று பிரிண்ட் ஆகி வர வேண்டும், அது வாரக் கணக்கு. ஜெய்ப்பூர் பக்கம் கை அச்சுத் துணி எடுப்பவர்கள் மழைக்காலத்தில் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள், வெயிலில்தான் காய வேண்டும்.

தேதிகளில் பெரிய பொறி தீபாவளி. நமக்குத் தீபாவளிக்கு முன்னால் வியாபாரம், பின்னால் ஓய்வு. சூரத்தில் தீபாவளியோடு மார்க்கெட் மூடி, லாப் பஞ்சமி என்கிற நாளுக்குப் பிறகுதான் மெல்லத் திறப்பார்கள். மில் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப அதற்கு மேலும் ஆகும். ஐப்பசி கடைசி, கார்த்திகை முகூர்த்தத்துக்குத் துணி வேண்டும் என்றால் தீபாவளிக்கு முன்பே லாரி ஏறியிருக்க வேண்டும். ஹோலி நாட்களிலும் இதே கதைதான், கொஞ்சம் சின்ன அளவில்.

எந்த டிரான்ஸ்போர்ட்டில் போடுவது என்பதை அவர்களிடம் விடாதீர்கள். உங்கள் ஊரில் எந்த லாரி ஆபீசுக்கு குடோன் இருக்கிறது என்று பக்கத்துத் துணிக்கடையில் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லுங்கள். இல்லையென்றால் மதுரைக்கோ கோவைக்கோ வந்து நிற்கும், அங்கிருந்து கொண்டுவர இன்னொரு வாடகை. "டூ பே" என்றால் வாடகை நீங்கள் கட்ட வேண்டும், "பெய்ட்" என்றால் அவர்கள் கட்டியாயிற்று. எல்.ஆரில் இருக்கும் ஃபோன் நம்பர் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். தப்பு நம்பர் போட்டால் சரக்கு குடோனில் கிடக்கும், நாள் கூடினால் டெமரேஜ் கேட்பார்கள்.

7. பண்டலைப் பிரிக்கும்போது

குடோனில் எல்.ஆர். நகலும் அடையாள அட்டையும் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் பண்டலைச் சுற்றிப் பாருங்கள். சாக்கு கிழிந்தோ நனைந்தோ இருந்தால் அங்கேயே ரசீதில் எழுதி, ஃபோட்டோ எடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் பொறுப்பில்லை.

கடைக்கு வந்ததும் தையல் பிரிக்கும் முன் வீடியோவை ஓட விடுங்கள். சீல், எல்.ஆர். எண், ஒவ்வொரு கட்டின் சீட்டு, கடைசிக் கட்டு வரை ஒரே வீடியோவாக, நடுவில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். பேச்சு வந்தால் இதைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் அளவு. 25 மீட்டர் கட்டை முழுதாகப் பிரித்து அளக்க யாருக்கு நேரம்? ஒரு மடிப்பை மட்டும் அளந்து, மடிப்புகளை எண்ணுங்கள். ஒரு மடிப்பு ஒரு மீட்டர் என்பது கணக்கு. எனக்கு வந்ததில் ஒரு மடிப்பு 97 சென்டிமீட்டர். 200 மடிப்பு சரியாக இருந்தது, 200 மீட்டர் இல்லை. கேட்டபோது "மடிப்பு குறைச்சல்தான் அக்கா, எல்லாருக்கும் அப்படித்தான் போகுது, அதான் இந்த ரேட்டு" என்றார். அதை ஆர்டருக்கு முன்னால் சொல்லியிருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம். இப்போது ப்ரொஃபார்மாவிலேயே "மடிப்பு 100 செ.மீ." என்று எழுதச் சொல்கிறேன்.

இந்த மூன்று சென்டிமீட்டர் செய்த வேலையைக் கேளுங்கள். ஒரு பள்ளியில் பத்து ஆசிரியைகளுக்கு ஒரே கலரில் குர்தி தைக்க ஆர்டர் வாங்கியிருந்தேன். ஆளுக்கு இரண்டரை மீட்டர், ஒரு கட்டு 25 மீட்டர், கச்சிதம் என்று நினைத்தேன். கட்டில் இருந்தது 24.25 மீட்டர். நனைத்துச் சுருக்கியதும் 22.8. ஒன்பது குர்தி வந்தது. பத்தாவதுக்கு அதே டிசைன் கேட்டால் லாட் தீர்ந்துவிட்டது, புது லாட்டில் அதே நீலம் ஒரு சாயல் பச்சையாக வந்தது. அந்த டீச்சருக்கு துப்பட்டாவும் சேர்த்து வேறு துணியில் தைத்துக் கொடுத்துச் சமாளித்தேன். ஒரே கலரில் பல பீஸ் தைக்க வேண்டியிருந்தால் தேவைக்கு மேல் பத்து சதவிகிதமாவது அதே லாட்டில், முதல் தடவையிலேயே எடுத்துவிடுங்கள்.

குறை இருந்தால் வந்த அன்றோ மறுநாளோ எழுதிவிடுங்கள், ஃபோட்டோவோடு, கட்டுச் சீட்டு எண்ணோடு. வெட்டிய துணியை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள், அதனால் எல்லாக் கட்டும் பார்த்து முடியும் வரை கத்தரி வைக்காதீர்கள். பெரும்பாலும் பணம் திரும்ப வராது, அடுத்த பில்லில் கழிப்பார்கள். ரிட்டர்ன் லாரி வாடகை யாருடையது என்று கேட்டால் உங்களுடையது என்பார்கள். 700 ரூபாய்த் துணியை 1,150 ரூபாய் வாடகையில் திருப்பி அனுப்பி என்ன ஆகப்போகிறது? எனக்கு அடுத்த பில்லில் 432 ரூபாய் கழித்தார்கள், ஆறு மீட்டருக்கு. ஜிஎஸ்எம் குறைந்ததற்கு ஒன்றும் இல்லை, அது எழுத்தில் இல்லாததால்.